மூன்று நிமிடம், ஒரே ஒரு ஸ்லைடு: ஆய்வைப் பொதுமக்களுக்குச் சொல்ல முழுமையான வழிகாட்டி

பிஎச்.டி. செய்பவர்களுக்கு நடக்கும் மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008-இல் தொடங்கி இப்போது பல நாடுகளில் நடக்கிறது. இந்த வழிகாட்டி அந்த வடிவத்தைத்தான் பின்பற்றுகிறது. போட்டி இல்லாமல் ஊர் நூலகத்திலோ பள்ளி அறிவியல் விழாவிலோ பேசுவதென்றாலும் இதே வரிசை பொருந்தும்.

புதிதாகத் தயாரிப்பவர்களில் பெரும்பாலோர் பவர்பாயின்ட்டைத் திறந்துதான் தொடங்குகிறார்கள். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஸ்லைடு ஐந்தாவது வேலை. அதற்கு முன் நான்கு இருக்கின்றன.

## 1. விதிகளை முதலில் படியுங்கள்

குயின்ஸ்லாந்து விதிகளின் சாரம் இது. ஒரே ஒரு ஸ்லைடு. அதில் அசைவு, அனிமேஷன், ஒலி, வீடியோ எதுவும் கூடாது. கையில் பொருள் எதையும் கொண்டுவரக்கூடாது; ஆய்வகக் குப்பியும் கூடாது, வேஷமும் கூடாது. பாட்டாகவோ கவிதையாகவோ சொல்லக்கூடாது. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் போட்டியிலிருந்து நீக்கம்.

பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு: நீங்கள் பேச்சாலோ அசைவாலோ உரையைத் தொடங்கிய நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். 'எல்லோருக்கும் வணக்கம், என் பெயர் இது, என் துறை இது, என் வழிகாட்டிக்கு நன்றி' என்று தொடங்கினால் பதினைந்து நொடி போய்விடும். பெயரை அறிவிப்பாளர் சொல்லியிருப்பார். நன்றியை ஆய்வேட்டின் முன்பக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

மதிப்பெண் இரண்டு பகுதியாகப் பிரிகிறது. கேட்டவருக்கு ஆய்வு புரிந்ததா என்பது ஒன்று. கேட்கத் தூண்டும்படி சொன்னீர்களா என்பது இன்னொன்று. ஆய்வு எவ்வளவு கடினமானது என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. எதை வெட்டலாம் என்று தடுமாறும்போது இதை நினைத்துக்கொள்வது உதவும்.

## 2. தேவையானவற்றைத் திரட்டுங்கள்

கருவிகள் அதிகம் வேண்டாம். குரலைப் பதிவு செய்ய ஒரு கைப்பேசி, நேரம் பார்க்க ஒரு டைமர், கொஞ்சம் காகிதம்.

கேட்க ஆள் வேண்டும். உங்கள் ஆய்வகத்து நண்பர்கள் இதற்கு உதவ மாட்டார்கள். நீங்கள் சொல்லாமல் விட்டதையும் அவர்கள் மனதுக்குள் நிரப்பிக்கொள்வார்கள். வேறு துறையில் இருக்கும் ஒருவர், பத்தாம் வகுப்பு அறிவியலோடு நிறுத்திக்கொண்ட ஒருவர் என இரண்டு பேர் போதும். அவர்களை ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒத்திகை வரைக்கும் அவர்கள் எதையும் கேட்டிருக்கக் கூடாது.

## 3. ஆய்வேட்டிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுங்கள்

எல்லா அத்தியாயங்களையும் மூன்று நிமிடத்துக்குள் சுருக்கப் பார்ப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அப்படிச் சுருக்கினால் எல்லாவற்றுக்கும் ஒரு வரி கிடைக்கும், எதற்கும் காரணம் சொல்ல இடம் இருக்காது. கேட்பவர் காரணம் தெரிந்ததைத்தான் நினைவில் வைப்பார்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். ஒரு மாணவி, நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளூரைடை அலுமினா வடிகட்டியால் நீக்குவது பற்றி ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவியும் அவருடைய முடிவுகளும் இந்தக் கட்டுரைக்காக நான் அமைத்தவை. பின்னால் இருக்கும் வேதியியல் உண்மையானது.

அவருடைய ஆய்வேட்டில் அலுமினா தயாரித்த முறை, எக்ஸ்-கதிர் சோதனைகள், pH மாறும்போது வடிகட்டும் திறன் எப்படி மாறுகிறது, நீரிலுள்ள மற்ற உப்புகள் என்ன செய்கின்றன, வடிகட்டி எப்போது தீரும் என்பதற்கான கணக்கு, தீர்ந்த அலுமினாவைக் காஸ்டிக் சோடாவால் கழுவி மீட்பது எல்லாம் இருக்கும். எதை எடுப்பது?

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'இது தெரியாமல் இருந்தால் யாருக்கு என்ன ஆகும்?' எக்ஸ்-கதிர் சோதனைக்குப் பதில், 'ஆய்விதழில் கட்டுரையைத் திருப்பி அனுப்புவார்கள்' என்பதுதான். வடிகட்டி எப்போது தீரும் என்ற அத்தியாயத்துக்குப் பதில் வேறு. வடிகட்டி தீர்ந்துபோனது தெரியாமல் ஒரு குடும்பம் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும். கேள்வி கிடைத்துவிட்டது: வடிகட்டி தீர்ந்துவிட்டதை வீட்டில் இருப்பவர் எப்படித் தெரிந்துகொள்வது?

ஆறு அத்தியாயத்தில் ஐந்தை விடுவது வலிக்கத்தான் செய்யும். பெரும்பாலும் அதிக உழைப்பு வாங்கிய அத்தியாயம்தான் முதலில் போகும்.

கேள்வி கிடைத்ததும் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'கிணற்று நீரிலுள்ள பைகார்பனேட்டை அளந்தால், வடிகட்டி எத்தனை குடம் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம்.' இந்த வாக்கியத்துக்கு உதவாத எதுவும் இனி உரைக்குள் வராது.

## 4. எழுதுவதற்கு முன் பேசுங்கள்

கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, எதிரே உறவினர் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிடம் போனாலும் பரவாயில்லை. பிறகு அதைக் கேட்டு எழுதுங்கள். நேராகக் காகிதத்தில் எழுதினால் ஆய்வுக் கட்டுரையின் நடை வந்துவிடும். 'மேற்கொள்ளப்பட்டது', 'கண்டறியப்பட்டது' என்று வாக்கியங்கள் நீளும், மேடையில் மூச்சு வாங்கும்.

நீளத்துக்கு ஒரு கணக்கு வேண்டும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 சொற்கள் என்று சொல்வார்கள். அதைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். 'கொதிக்கவைத்தாலும்' என்பது நமக்கு ஒரே சொல். நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு 80 சொல் வரும். உங்கள் வேகம் என்ன என்று ஒரு நிமிடம் பதிவு செய்து எண்ணிப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு எழுதாதீர்கள், இரண்டே முக்கால் நிமிடத்துக்கு எழுதுங்கள். மிச்சம் பதினைந்து நொடி, கூட்டம் சிரிக்கவும் நீங்கள் ஒரு சொல்லைத் தேடவும் தேவைப்படும்.

நம் மாணவியின் உரை இப்படி வரலாம்:

> இந்தப் படத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் இருக்கிறது. ஒன்றை நிம்மதியாகக் குடிக்கலாம். இன்னொன்றைக் குடித்து வளரும் குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை விழும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். எது எந்தத் தண்ணீர் என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னாலும் முடியாது.
>
> அதில் கரைந்திருப்பது ஃப்ளூரைடு. பாறையிலிருந்து நிலத்தடி நீருக்கு வருகிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவை கிடையாது. கொதிக்கவைத்தாலும் போகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றை நம்பிய குடும்பங்களுக்கு இது புதிதில்லை. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்த பிறகும், அது வராத நாளில் கிணற்றுக்குத்தான் போகிறார்கள்.
>
> ஃப்ளூரைடைப் பிடிக்க அலுமினா என்ற வெள்ளை மணிகள் நிரப்பிய வடிகட்டி உண்டு. ஒவ்வொரு மணியையும் ஒரு பேருந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கடந்து போகும்போது ஃப்ளூரைடு ஏறி இருக்கையில் உட்கார்ந்துகொள்ளும். எல்லா இருக்கையும் நிரம்பிவிட்டால்? அடுத்து வரும் ஃப்ளூரைடு நேராக உங்கள் டம்ளருக்கு வந்துவிடும். வந்ததும் உங்களுக்குத் தெரியாது.
>
> ஆய்வகத்தில் ஃப்ளூரைடு கலந்த தண்ணீரை நானே தயாரித்து இந்த வடிகட்டியில் விட்டேன். நன்றாக வேலை செய்தது. அதே அளவு ஃப்ளூரைடு உள்ள கிணற்றுத் தண்ணீரை விட்டேன். பாதித் தண்ணீருக்கே நிரம்பிவிட்டது. ஃப்ளூரைடு ஒரே அளவுதான். அப்படியானால் மீதி இருக்கையில் உட்கார்ந்தது யார்?
>
> பைகார்பனேட். கிணற்றுத் தண்ணீரில் இயல்பாகவே நிறைய இருக்கும் ஓர் உப்பு. நமக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதுவும் அதே பேருந்தில்தான் ஏறுகிறது.
>
> என் ஆய்வு ஒரு கணக்கைத் தருகிறது. ஒரு கிணற்றில் ஃப்ளூரைடு எவ்வளவு, பைகார்பனேட் எவ்வளவு என்று அளந்துவிட்டால், அந்தக் கிணற்றுக்கு இந்த வடிகட்டி எத்தனை குடம் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம். அந்த எண்ணை வடிகட்டியின் மேலேயே எழுதிவிடலாம்: இத்தனை குடத்துக்கு அப்புறம் மணியை மாற்றுங்கள். மழைக்காலத்தில் கிணற்று நீர் மாறும்போது இந்தக் கணக்கு எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
>
> இந்த இரண்டு டம்ளரைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. குடத்தை எண்ண எல்லோராலும் முடியும்.

இது ஏறக்குறைய 200 சொற்கள். இதில் நடந்திருப்பவற்றில் நான்கை மட்டும் பார்ப்போம்.

நேரம் எங்கே போகிறது. ஆய்வு வருவதற்கு முன் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. இதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். சிக்கல் என்னவென்று தெரியாதவருக்குத் தீர்வைச் சொல்லிப் பயனில்லை என்பதால் இந்தச் செலவு நியாயமானது. ஆனால் 'நான் செய்தேன்' என்று வரும் இடம் பாதி நேரத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அது விழிப்புணர்வுப் பேச்சாகிவிடும், ஆய்வைக் காணோம் என்று நடுவர் எழுதுவார்.

கேட்பவர் மனதில் எழும் ஆட்சேபம். தர்மபுரிக்காரர் ஒருவர் அரங்கில் இருந்தால், 'அதுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துவிட்டதே' என்று உடனே நினைப்பார். அதற்குப் பதில் வராதவரை மற்றது எதுவும் அவர் காதில் ஏறாது. அதனால்தான் குழாய்த் தண்ணீர் பற்றிய அந்த ஒரு வரி. உங்கள் ஆய்வுக்கும் இப்படி ஓர் 'அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே' உண்டு. அதைக் கண்டுபிடித்து முதல் நிமிடத்திலேயே தீர்த்துவிடுங்கள்.

உவமை எவ்வளவு தூரம் தாங்கும். பேருந்து உவமை இருக்கை நிரம்புவதையும் போட்டியையும் சரியாகக் காட்டுகிறது. பைகார்பனேட் நீரின் காரத்தன்மையையும் கூட்டுகிறது, அதனாலும் அலுமினாவின் பிடிப்புத் திறன் குறைகிறது. இது பேருந்துக்குள் அடங்காது. அதை விட்டது சரியே. விட்டதால் சொன்னது எதுவும் பொய்யாகவில்லை என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. மாறாக, 'வடிகட்டி ஃப்ளூரைடை அழித்துவிடுகிறது' என்று சொல்லியிருந்தால் அது எளிமை அல்ல, தவறு. ஃப்ளூரைடு அழிவதில்லை, மணியில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் வழிகாட்டியிடம் உரையைக் காட்டும்போது 'எது விடுபட்டிருக்கிறது' என்று கேட்காதீர்கள், பட்டியல் வரும். 'எது தவறாகிவிட்டது' என்று மட்டும் கேளுங்கள்.

கலைச்சொல்லும் எண்ணும். புதுப் பெயர்கள் மூன்றுதான்: ஃப்ளூரைடு, அலுமினா, பைகார்பனேட். பரப்புக் கவர்ச்சி, pH எதுவும் வரவில்லை. குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற இந்தியத் தர அளவையும் விட்டிருக்கிறோம். மில்லிகிராம் என்றதும் கேட்பவர் அது அதிகமா குறைவா என்று யோசிக்கத் தொடங்குவார், அடுத்த இரண்டு வாக்கியம் அவரைத் தாண்டிப் போய்விடும். 'பாதி', 'எத்தனை குடம்' ஆகியவற்றை யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

முடிக்காத வேலையை ஒப்புக்கொள்ளும் மழைக்கால வரியையும் கவனியுங்கள். அதை வெட்டச் சொல்பவர்கள் உண்டு. நான் வெட்டமாட்டேன். 'தமிழகத்தின் குடிநீர்ப் பிரச்சினைக்குத் தீர்வு' என்று முடிக்கும் உரைகளைக் கேட்டுக் கேட்டு நடுவர்கள் களைத்திருப்பார்கள்.

## 5. இப்போது ஸ்லைடு

உரை முடிந்த பிறகுதான் ஸ்லைடு எதற்கு என்று தெரியும். சொற்களால் சொல்லச் சிரமமான ஒன்றை அது காட்ட வேண்டும். நம் உரையில் அது எது? இரண்டு தண்ணீரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பது. ஆகவே ஸ்லைடு: வெளிர் பின்னணி, பக்கத்தில் பக்கமாக இரண்டு டம்ளர், கீழே 'எதைக் குடிக்கலாம்?' என்ற இரண்டு சொற்கள். அவ்வளவுதான்.

புதியவர்கள் வைப்பது வேறு மாதிரி இருக்கும். மூலையில் பல்கலைக்கழக முத்திரை, மேலே இரண்டு வரித் தலைப்பு, இடது பக்கம் வரைபடம், வலது பக்கம் கருவியின் புகைப்படம், நடுவில் அம்புக்குறிகள். படிக்க எழுத்து இருந்தால் கூட்டம் படிக்கும். படித்துக்கொண்டே உங்களைக் கேட்க முடியாது. ஸ்லைடு மூன்று நிமிடமும் பின்னால் நின்றுகொண்டிருக்கும் என்பதால், கவனத்தை இழுக்கும் எதுவும் மூன்று நிமிடமும் இழுத்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு தவறு, கடைசி விடையை ஸ்லைடில் போட்டுவிடுவது. குடத்தின் படமும் எண்ணும் அங்கே இருந்தால், இருக்கையில் உட்கார்ந்தது யார் என்று நீங்கள் கேட்கும்போது யாருக்கும் ஆவல் இருக்காது.

ஸ்லைடு முடிந்ததும் கைப்பேசித் திரையில், கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எழுத்து அதில் படிக்க வந்தால் அரங்கின் கடைசி வரிசைக்கும் வரும். வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை எழுத்துகள் மங்கிய புரொஜெக்டரில் காணாமல் போகும். படத்தை இணையத்திலிருந்து எடுக்காமல் நீங்களே டம்ளரை வைத்து எடுங்கள். உரிமைச் சிக்கல் வராது, சில்வர் டம்ளரில் தண்ணீர் தெரியாது என்பதும் அப்போதே புரியும்.

தமிழ் எழுத்து இருந்தால் ஒரு எச்சரிக்கை. அரங்கக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் எழுத்து கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் பிரிந்தோ வரும். பிடிஎஃப் ஆகவும் ஒரு நகல் கொடுங்கள். பவர்பாயின்ட் மட்டும்தான் ஏற்பார்கள் என்றால், அந்த எழுத்தைப் படமாக மாற்றி ஒட்டிவிடுங்கள்.

## 6. ஒத்திகையை மூன்று கட்டமாகச் செய்யுங்கள்

முதல் கட்டம் புரிதலுக்கு. இரண்டாம் படியில் ஏற்பாடு செய்த இருவரிடம் காகிதத்தைப் பார்த்தே வாசித்துக் காட்டுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காவது புரிந்தது என்பார்கள். 'நான் என்ன கண்டுபிடித்தேன் என்று திருப்பிச் சொல்லுங்கள், அண்ணா' என்று கேளுங்கள். மறுநாள் மறுபடியும் கேளுங்கள். 'ஏதோ ஃப்ளூரைடு கெட்டது என்றாயே' என்று பதில் வந்தால், சிக்கல் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆய்வு சேரவில்லை. நான்காம், ஐந்தாம் பத்திகளைத் திருத்த வேண்டும். 'கிணற்றுத் தண்ணீரில் இன்னொரு உப்பு இடத்தைப் பிடித்துக்கொள்கிறதாம்' என்று வந்தால் மேலே போகலாம்.

இரண்டாம் கட்டம் நேரத்துக்கு. நின்றுகொண்டு, மேடையில் பேசும் சத்தத்தில் பேசி அளவெடுங்கள். உட்கார்ந்து முணுமுணுத்தால் நேரம் குறைவாகக் காட்டும். அதிகமாக வந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள், ஒரு வாக்கியத்தை முழுதாக எடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு சொல்லைப் பிடுங்கினால் உரை நொண்டும்.

மூன்றாம் கட்டம் நினைவுக்கு. முதல் பத்தியும் கடைசி இரண்டு வாக்கியங்களும் அப்படியே மனப்பாடம் ஆகட்டும். நடுவில் இருப்பதற்கு வரிசை மட்டும் போதும்: டம்ளர், ஃப்ளூரைடு, பேருந்து, கிணறு, பைகார்பனேட், குடம். முழு உரையையும் வரிக்கு வரி மனப்பாடம் செய்தவர் ஒரு சொல்லை மறந்தால் தொடர்ச்சியே அறுந்து நிற்பார். வரிசையை வைத்திருப்பவர் அடுத்ததற்குப் போய்விடுவார், கூட்டத்துக்கு எதுவும் தெரியாது.

## 7. மேடையில்

முன்கூட்டியே போய் நிற்கும் இடத்தையும் மைக்கையும் பாருங்கள். ஸ்லைடு உங்களுக்குப் பின்னால் இருந்தால் திரும்பிப் பார்த்துப் பேச வேண்டாம்; முகம் திரும்பினால் மைக்கும் குரலைத் தவறவிடும். கையால் ஒருமுறை சுட்டினால் போதும்.

'என்னாலும் முடியாது' என்றதும் இரண்டு நொடி நில்லுங்கள். 'உட்கார்ந்தது யார்?' என்றதும் நில்லுங்கள். மேடையில் இரண்டு நொடி மிக நீளமாகத் தெரியும், அதனால் எல்லோரும் அதைத்தான் முதலில் விழுங்குகிறார்கள். கேள்வி கேட்டுவிட்டு யோசிக்க நேரம் தராவிட்டால், கேட்டதற்கே பொருள் இல்லை.

எதிரே கடிகாரம் இருந்தால் ஒரே இடத்தில் மட்டும் பாருங்கள்: பைகார்பனேட் என்று சொல்லும்போது. அங்கே ஒன்றே முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னோ பின்னோ இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்டியிருந்தால் மழைக்கால வரியை விட்டுவிட்டு, வடிகட்டியின் மேல் எழுதும் எண்ணிலிருந்து நேராகக் கடைசி இரண்டு வாக்கியங்களுக்குப் போங்கள். எந்த வரியை விடுவது என்பதை முந்தின நாளே முடிவு செய்து காகிதத்தில் கோடிட்டு வையுங்கள். மேடையில் நின்றுகொண்டு தேர்ந்தெடுக்க நேரம் கிடைக்காது.